அந்த இரவில் நிலா இல்லை

நண்பர் ஒருவர் சிறுகதை எழுதியிருந்தார். 1805 அக்டோபர் 20, இரவு. ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்துக்கு வெளியே, அட்லாண்டிக் கடலில் ஆங்கிலேயரின் மரப் போர்க்கப்பல் ஒன்று. பெயர் விக்டரி. அதில் ஜாக் என்றொரு பன்னிரண்டு வயதுப் பையன். மறுநாள் டிரஃபால்கர் சண்டை. கதையின் முதல் வரி இது: "முழு நிலவு கடலில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது."

பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே கோடு போட்டேன். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வர்ணனை நல்லா இல்லையா?" என்றார். வர்ணனையில் குறை ஒன்றுமில்லை, நிலாதான் இல்லை. அந்த மாதம் அமாவாசை 22ஆம் தேதியை ஒட்டி வருகிறது. நம் கணக்கில் அது ஐப்பசி அமாவாசை. இங்கே தீபாவளிக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அங்கே அந்தக் கப்பல்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் காற்றும் மழையுமாக இருந்த நாள் வேறு. ஆகவே கும்மிருட்டு. கதை முழுக்க அந்த இருட்டுக்குள்தான் நடக்க வேண்டும்.

சின்னத் திருத்தம் போலத் தோன்றும். ஆனால் நிலாவை எடுத்துவிட்டால், அந்தப் பையனுக்கு என்ன தெரிந்திருக்கும், எதைப் பார்த்திருப்பான், எங்கே படுத்திருப்பான் என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். நண்பரும் நானும் இரண்டு மாலைகள் அவற்றைப் பேசித் தீர்த்தோம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், இந்த இரவைத் தேர்ந்தெடுத்ததற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் "போருக்கு முந்தைய இரவு" என்பது நாம் நினைப்பதுபோல் எளிதில் கிடைக்கும் ஒன்றல்ல. கடலில் எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவன் பாய் அடிவானத்தில் தெரியும்போதுதான் தெரியும். டிரஃபால்கரில் ஆங்கிலேயப் படையை நடத்திய தளபதி நெல்சனின் இன்னொரு பெரிய சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1798 ஆகஸ்ட் 1 அன்று, எகிப்தின் அபூகிர் விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்பதை மதியத்துக்கு மேல்தான் கண்டார்கள். சூரியன் சாயும் நேரத்தில் பீரங்கி முழங்கியது. முந்தைய இரவு எல்லாரும் வழக்கம்போலத் தூங்கியிருப்பார்கள். மறுநாள் சண்டை என்று யாருக்கும் தெரியாத இரவை வைத்து இந்தக் கதையை எழுத முடியாது.

டிரஃபால்கர் அப்படியல்ல. காடிஸ் துறைமுகத்துக்குள் வாரக்கணக்கில் அடைந்து கிடந்த பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுப் படை 19ஆம் தேதி வெளியே வரத் தொடங்கியது. தளபதி வில்நவ். காற்று மந்தமாக இருந்ததால் எல்லாக் கப்பல்களும் வெளியே வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. நெல்சனோ துறைமுகத்துக்கு எதிரே போய் நிற்காமல், எதிரி பயந்து உள்ளேயே இருந்துவிடக் கூடாது என்று, சுமார் ஐம்பது மைல் தள்ளிக் கடலில் நின்றிருந்தார். நடுவில் வேகமான சிறிய கப்பல்களைச் சங்கிலிபோல் நிறுத்தி வைத்திருந்தார். கரைக்கு அருகே நிற்பவன் பார்த்ததைக் கொடி காட்டிச் சொல்வான், அடுத்தவன் அதைப் பார்த்து அதற்கடுத்தவனுக்குச் சொல்வான். செய்தி அப்படி வந்து சேர்ந்தது. 27 கப்பல்கள் இந்தப் பக்கம், 33 அந்தப் பக்கம். 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இருட்டும்போது இரண்டு படைகளும் கடலில்தான். காலையில் என்ன நடக்கும் என்று கப்பலில் இருந்த கடைசி ஆள் வரை ஊகித்திருப்பான்.

இருட்டில் எதிரி நழுவிப் போய்விட்டால்? அதற்கும் நெல்சன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஃபிரிகேட் எனப்படும் அந்த வேகமான சிறிய கப்பல்களில் ஒன்றான யூரியாலஸின் தலைவர் பிளாக்வுட்தான் அன்றிரவு எதிரியை ஒட்டிப் போக வேண்டியவர். அவருக்கு எழுதிய குறிப்பில் உத்தரவு தெளிவாக இருக்கிறது. எதிரி தெற்கே, ஜிப்ரால்டர் நீரிணைப் பக்கம் போனால் மணிக்கொரு தரம் இரண்டு நீல மத்தாப்புகளைச் சேர்த்துக் கொளுத்த வேண்டும். ஒன்றுக்கு இரண்டாகக் கொளுத்துவது வெளிச்சம் பெரிதாகத் தெரிவதற்காக. மேற்கே போனால் மணிக்கொரு தரம் மூன்று பீரங்கி, விட்டுவிடாமல் வேகமாக.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் நிலாவை அடித்துவிட்டார். ஒரு கதாசிரியனுக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்குமா? அமாவாசை இருட்டில், மைல் கணக்கான தூரத்தில், மணிக்கொரு தரம் ஒரு நீலப் பொட்டு எரிந்து அணைகிறது. அது தெரிகிறவரை எதிரி அங்கேதான் இருக்கிறான். மேலே காவலில் நிற்பவன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து சொல்வான். பையன் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் படுத்திருக்கும் இடத்திலிருந்து கடல் தெரியாது.

பையன் யார் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெடிமருந்து சுமக்கும் பையன்களுக்கு ஆங்கில மாலுமிகள் வைத்த பட்டப்பெயருக்கு "மருந்துக் குரங்கு" என்று பொருள். கதைகளில் அதை ஏதோ பதவிபோல எழுதுகிறார்கள். கப்பலின் ஆள்கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. 1794இல் வந்த உத்தரவுப்படி பையன்கள் மூன்று வகுப்பு. முதல் வகுப்பு, நாளை அதிகாரியாகப் போகும் நல்ல வீட்டுப் பிள்ளைகள். இரண்டாம் வகுப்பு, பதினைந்திலிருந்து பதினேழு வயது வரை. மூன்றாம் வகுப்பு, பதின்மூன்றிலிருந்து பதினைந்து. வயதுக் கணக்கு ஏட்டில்தான், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 4 பவுண்டு சம்பளம். லண்டன் தெருக்களில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்குத் துணிமணி கொடுத்துக் கடற்படைக்கு அனுப்பவே 1756இல் தொடங்கிய ஒரு தரும சங்கம் இருந்தது. நண்பரின் ஜாக்கை நாங்கள் அந்த வழியாகவே கப்பல் ஏற்றினோம்.

சாதாரண நாளில் இவன் வேலை எடுபிடி. அதிகாரிக்குத் தட்டு கழுவுவது, சட்டை துவைப்பது, கோழிக்கும் ஆட்டுக்கும் தீனி வைப்பது. ஆம், ஆடு. அதிகாரிகளின் தேநீருக்குப் பால் வேண்டுமே. சண்டை வந்தால்தான் இவன் வெடிமருந்து சுமக்கும் பையன்.

அடுத்து, இரவில் அவன் எங்கே இருந்தான்? நண்பரின் கதையில் பையன்கள் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரம் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். ஒரு மெழுகுவத்தியும் எரிந்தது. இந்தக் காட்சியில் மூன்று பிழை.

விக்டரியின் கீழ்ப் பீரங்கித் தளத்தில் இருந்தவை 32 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று டன். தளமோ கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே. அலை ஏறியிருக்கும் இரவில் சாளரத்தைத் திறந்து வைத்தால் தண்ணீர் உள்ளே கொட்டும். ஆகவே மூடிக் கட்டியிருப்பார்கள். பீரங்கியின் வாயைச் சாளரத்துக்கு மேலே உள்ள மரத்தோடு சேர்த்து, நகராதபடி கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். மூன்று டன் இரும்பு சக்கரத்தோடு அவிழ்ந்து இருட்டில் உருள ஆரம்பித்தால் எதிரியே தேவையில்லை. மூன்றாவது மெழுகுவத்தி. மரமும் தாரும் சணலும் வெடிமருந்துமாகச் சேர்ந்த பொருள் அந்தக் கப்பல். இரவில் கீழ்த்தளங்களில் விளக்குகளை அணைத்துவிட்டார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆள் சுற்றி வருவான். அனுமதி பெற்ற விளக்குக்கும் கூண்டு உண்டு.

அந்தப் பீரங்கிகளுக்கு மேலே, உத்தரத்திலிருந்து தொங்கும் துணித் தூளிகளில் நூற்றுக்கணக்கான ஆட்கள். தூளிக்குத் தூளி இடம் 14 அங்குலம். அதாவது என் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பக்கத்தில் படுத்திருக்கிறவனைத் தாண்டி அதற்கடுத்தவன் மூக்கில் இடிக்கும். ஒரு பாதி ஆட்கள் மேலே காவலில் இருக்கும்போது மற்ற பாதி கீழே தூங்குவதால்தான் மூச்சு விட முடிந்தது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது எல்லாத் தூளிகளும் ஒன்றாகச் சாயும். விலா மரங்கள் விடாமல் முனகும். அரைமணிக் கண்ணாடியில் மணல் இறங்கியதும் அதைத் திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். முதல் அரைமணிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. எட்டு அடித்தால் நாலு மணி நேரம் ஆயிற்று, காவல் மாறும்.

சண்டைக்கான ஏற்பாடு இரவிலேயே தொடங்கிவிடவில்லை என்பதுதான் கதை எழுதுகிறவர்கள் தவறவிடும் இடம். அறைத் தடுப்புகளைக் கழற்றுவது, தூளிகளைச் சுருட்டி மேல்தள ஓரத்தில் அடுக்குவது, தரையில் தண்ணீர் தெளித்து மணல் தூவுவது, சமையல் அடுப்பை அணைப்பது, இவையெல்லாம் விடிந்து எதிரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான். இரவில் கப்பல் கப்பலாகவே இருந்தது. பையனும் தன் தூளியில்தான். "அப்ப அவனுக்குச் செய்ய ஒண்ணுமே இல்லையே" என்றார் நண்பர். இல்லைதான். ஆனால் மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஒன்று இருந்தது. மறுநாள் அவன் நடக்க வேண்டிய பாதை.

நண்பரின் கதையில் ஜாக் கப்பலின் அடிவயிற்றில் உள்ள வெடிமருந்துக் கிடங்குக்கு ஓடி, ஒரு பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வருவதாக இருந்தது. அப்படி நடந்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் கப்பல் வெடித்திருக்கும்.

கிடங்கு நீர்மட்டத்துக்குக் கீழே. குண்டு எட்டாத இடம். உள்ளே வேலை செய்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளித் துணியாலான காலுறை மாதிரி ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். ஆணி அடித்த செருப்பு தரையில் உரசினாலே போதும், பொறி கிளம்பும். பீப்பாய்க்கு இரும்பு வளையம் கிடையாது, செம்பு வளையம்தான். விளக்கு கிடங்குக்குள் போகவே கூடாது. பக்கத்தில் விளக்குக்கென்று தனி அறை. நடுவே தடித்த கண்ணாடி. அந்த அறைக்கு இறங்கும் ஏணியும் வேறு. கண்ணாடி வழியாக வரும் மங்கல் வெளிச்சத்தில்தான் உள்ளே வேலை.

மருந்து பீப்பாயாக மேலே வராது. ஒரு முறை சுடத் தேவையான அளவு, ஃபிளானல் துணிப் பையில் கட்டி வைத்திருப்பார்கள். தாராளமாகச் சுட்டால் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மருந்து, கிட்டத்தில் நின்று சுட்டால் இன்னும் குறைவு. 32 பவுண்டு குண்டுக்கு என்றால் ஏறக்குறைய நாலைந்து கிலோ பொதி. ஏன் காகிதப் பையில் கட்டாமல் ஃபிளானல்? காகிதம் எரிந்த பிறகு பீரங்கிக் குழாய்க்குள் கங்கு மிச்சமிருக்கும். அடுத்த பொதியை உள்ளே தள்ளும்போது தள்ளுகிறவன் கை போய்விடும். ஃபிளானலில் அந்த ஆபத்து குறைவு.

கிடங்கு வாசலில் நனைத்த கம்பளித் திரை தொங்கும். திரையில் ஓர் ஓட்டை. உள்ளே இருப்பவன் அந்த ஓட்டை வழியாகப் பொதியை நீட்டுவான், வெளியே நிற்பவன் வாங்குவான். விக்டரி மாதிரிப் பெரிய கப்பலில் அங்கிருந்து கை மாற்றிக் கை மாற்றி ஏணிகளில் மேலே வரும். பீரங்கித் தளத்தின் ஏணி வாசலில் நம் பையன் அதை வாங்குவான். மூடியுள்ள பெட்டிக்குள் போட்டு, சட்டையால் மறைத்துக்கொண்டு, தன் பீரங்கி வரை போய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவான். அவ்வளவுதான் அவன் பாதை. இருபது முப்பது அடிகள் இருக்கலாம். மறுநாள் அவன் போர் முழுக்க அந்த இருபது முப்பது அடிக்குள்தான் நடக்கும்.

இதற்கு ஏன் பையன்கள்? சின்ன உருவம், குண்டுக்குத் தப்புவான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பீரங்கித் தளத்தில் ஆளைக் கொன்றது குண்டு மட்டுமல்ல, குண்டு பட்டுச் சிதறும் மரச்சிலாம்பும்தான். சிலாம்புக்கு உயரக் கணக்குத் தெரியாது. காரணம் எளிது. அந்த மூன்று டன்னை ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கயிறு பிடித்து இழுத்துச் சாளரத்துக்குத் தள்ள ஒரு டஜன் ஆட்களுக்கு மேல் வேண்டும். வளர்ந்த ஆள் ஒருவன்கூட நாலு கிலோ பொதி தூக்கி நேரத்தைக் கழிக்க முடியாது. பையனால் பீரங்கியை இழுக்க முடியாது, பொதியைத் தூக்க முடியும். கப்பலில் பெண்கள் இருந்தால் அவர்களும் இதே வேலைக்குத்தான் வந்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். நன்றாகப் பழகிய ஆங்கிலேயக் குழு ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் சுடும். அதற்குள் பையன் போய், வரிசையில் நின்று, வாங்கி, வந்துவிட வேண்டும். முன்கூட்டியே நாலைந்து பொதிகளைக் கொண்டுவந்து பீரங்கிக்குப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நண்பரும் கேட்டார். அதைத்தான் செய்யவே கூடாது. பக்கத்துப் பீரங்கியிலிருந்து ஒரு பொறி வந்து விழுந்தால் அந்தக் குவியல் மொத்தமும் போகும், அதைச் சுற்றி நிற்பவர்களும் போவார்கள். ஒரு பொதி சுடுவதற்கு, ஒரு பொதி வழியில். தாமதமானால் பதினாலு பேரும் திரும்பிப் பையனைத்தான் பார்ப்பார்கள்.

மூடியைச் சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேரில் பார்த்த சாட்சி உண்டு. 1812 அக்டோபரில் மாசிடோனியன் என்ற ஆங்கில ஃபிரிகேட் ஓர் அமெரிக்கக் கப்பலிடம் தோற்றது. அதில் மருந்து சுமந்த சாமுவேல் லீச் என்ற பையன் பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதினான். திரையின் ஓட்டை, சட்டையால் மூடிக்கொள்வது எல்லாம் அவன் சொன்னதில் இருக்கிறது. இன்னொரு பையன் சுமந்து வந்த மருந்து தீப்பிடித்து முகத்துச் சதை முழுக்க எரிந்துபோனதாம். அந்தப் பிள்ளை இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றபோது பறந்துவந்த குண்டு ஒன்று அவனை இரண்டாக்கியதாம். அடுத்தடுத்த பீரங்கிகளின் பையன்கள் விழுந்துவிட, அவர்களுடைய வேலையும் லீச்சின் தலையில் விழுந்தது. ஆக, ஒரு பையன் குறைந்தால் வேலை நிற்காது, அடுத்தவன் பாதை நீளும்.

அந்த ஏணி வாசலில் இன்னொரு ஆளும் நிற்பான். துப்பாக்கியோடு ஒரு கடற்படைச் சிப்பாய். சண்டையின்போது பயந்து கீழே ஓடி ஒளிய வருகிறவர்களைத் தடுக்கத்தான் அவன். மருந்துப் பெட்டி வைத்திருக்கும் பையனை மட்டும் விடுவான். ஆகவே அந்தத் தளத்தில் இருக்கும் வளர்ந்த ஆட்களுக்கெல்லாம் இல்லாத ஒரு சுதந்திரம் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இருந்தது.

இது எனக்கு வெறும் தகவலாகப் படவில்லை. கதையின் மையமே இங்கேதான் இருக்கிறது. 1798 அபூகிர் சண்டையில் கோலையத் என்ற கப்பலில் இருந்த ஜான் நிக்கல் என்பவர் பீப்பாய் செய்யும் தொழிலாளி. சண்டையின்போது அவருக்குக் கிடங்கில் வேலை. பாதாளத்தில் நின்றுகொண்டு பொதிகளை நீட்டுகிறவருக்கு மேலே யார் ஜெயிக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று எதுவும் தெரியாது. மருந்து வாங்க வந்த பையன்களும் பெண்களும் சொன்னதுதான் தங்களுக்குக் கிடைத்த செய்தி என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மேலே இருப்பவர்கள் கீழே போக முடியாது, கீழே இருப்பவர்கள் மேலே வர முடியாது. இரண்டுக்கும் நடுவே போய்வருகிறவன் பையன். யாருக்கும் முழுப் போர் தெரியவில்லை, துண்டு துண்டாகத் தெரிந்ததை ஓட்டை வழியாகக் கீழே சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பிள்ளை.

இதைக் கேட்டதும் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அவர் கதையில் கேப்டன் வந்து ஜாக்கின் தலையைத் தடவி, "நாளை நீ வீரனாவாய்" என்று சொல்லும் காட்சி ஒன்று உண்டு. அதை அவரே கிழித்துவிட்டார். அதற்குப் பதிலாக, கிடங்கில் வேலை செய்யப்போகும் ஒரு கிழவன் முந்தைய இரவு பையனின் தூளிப் பக்கம் வந்து, "நாளைக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா" என்று கேட்பதாக எழுதினார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. கிழவனுக்குக் குண்டு பயமில்லை, ஒன்றும் தெரியாமல் நிற்பதுதான் பயம்.

கடைசியாக, விடியல். அவருடைய கதை முதல் பீரங்கி ஓசையோடு முடிந்திருந்தது. சூரியன் எழுகிறது, பீரங்கி வெடிக்கிறது, முற்றும். பொதுவாக எல்லாரும் செய்வது இதுதான். ஆனால் 21ஆம் தேதி காலை ஆறு மணி வாக்கில் எதிரியின் பாய்கள் கிழக்கே தெரிந்தபோது நடுவே பத்துப் பன்னிரண்டு மைல் கடல் இருந்தது. இரவு இருந்த காற்று செத்துப்போய், மேற்கிலிருந்து மெல்லிய காற்று. அதற்குப் பின்னால் வரப்போகும் புயலுக்கு முன்னறிவிப்பாக நீண்ட கனத்த அலைகள். எல்லாப் பாய்களையும் விரித்தும் கப்பல் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனது. முதல் குண்டு வெடித்தது நண்பகலை ஒட்டி.

ஆறு மணி நேரம்! பாய்மரக் காலத்துப் போரின் கொடுமை இந்த ஆறு மணி நேரத்தில் இருக்கிறது என்பேன். தடுப்புகளைக் கழற்றி, மணல் தூவி, பீரங்கியை அவிழ்த்து எல்லாம் முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. மீதி ஐந்து மணி நேரம்? எதிரியின் கப்பல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதை மேல்தளத்துக்காரன் பார்க்கலாம். சில கப்பல்களில் வாத்தியம் வாசித்தார்கள். அடுப்பு அணைந்திருந்ததால் பீரங்கிப் பக்கத்திலேயே ஆறின சாப்பாடு. அன்று விக்டரியில் மட்டும் சாயங்காலத்துக்குள் 57 பேர் செத்தார்கள். காலையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரில் அந்த 57 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. இரவு மேலும் ஆறு மணி நேரம் வெளிச்சத்தில் நீண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பர் கதையை மூன்றாம் முறையாக எழுதி அனுப்பினார். நீல மத்தாப்பு இருந்தது, கிழவன் இருந்தான், திரையில் ஓட்டை இருந்தது. முழு நிலவு போயிருந்தது. ஆனால் போனில் பேசும்போது விடமாட்டேன் என்கிறார். "ஒரே ஒரு துண்டு நிலாவாவது வெச்சுக்கக் கூடாதா?"

வைத்துக்கொள்ளலாம். அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தைய பிறை விடிவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் கிழக்கே எழும். மேகம் வழிவிட்டால் நகக்கீற்றுபோல் ஒரு கோடு தெரியும். எதிரியின் முப்பத்து மூன்று கப்பல்களும் இருந்தது அந்தத் திசையில்தான்.

"ஆனா பையன் கீழே தூளியில இல்ல கிடக்கறான்? சாளரமும் மூடியிருக்கு" என்றார் அவரே.

அதிகாலை நாலு மணி வாக்கில் நெல்சனின் கப்பல்கள் மறுபடி திசை திரும்பின என்று சொன்னேன். காவல் மாறும் நேரமும் அதுதான், மேலும் கீழும் ஏணிகளில் ஆள் நடமாட்டம் இருக்கும். பையன் மேலே வர ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆடு" என்றார். "அதிகாரியோட ஆட்டைக் கறக்கணும்ல."

பையன் பால் பாத்திரத்தோடு மேல்தளத்தில் நிற்கும் இடத்தில் கதை இப்போது முடிகிறது.